எத்தனாவது டோக்கன்?

கிளினிக் பெஞ்சில் நம் பக்கத்தில் வந்து உட்காருகிறவர் வணக்கம் சொல்வதில்லை. “உங்களுக்கு எத்தனாவது டோக்கன்?” என்றுதான் கேட்பார். நம் ஊரில் அதுவே வணக்கம். ஜெர்மனியில் காத்திருக்கும் அறைக்குள் நுழைகிறவர், முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் பொதுவாக ‘கூட்டன் டாக்’ சொல்வார். உட்கார்ந்திருப்பவர்களும் பதிலுக்குச் சொல்வார்கள். பெரும்பாலும் அதோடு சரி, பிறகு பத்திரிகைதான். அங்கே மரியாதை முடிந்துவிடுகிற இடத்தில் நமக்குக் கதவு லேசாகத் திறக்கிறது.

லேசாகத்தான். “பதினேழு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒருவர் செல்போனுக்குத் திரும்பினால், பேச விருப்பமில்லை என்று அர்த்தம். “பதினேழு. நாலரைக்கே வந்து பேர் கொடுத்தேன், இன்னும் ஒன்பதுலயே நிக்குது. உங்களுக்கு?” என்று திருப்பிக் கேட்டால் தாராளமாகப் பேசலாம்.

சர்க்கரை டாக்டர் ஒருவரிடம் காத்திருந்தபோது கவனித்தேன். பாட்டி ஒருவர், பக்கத்தில் ஃபைலோடு இருந்த இளம்பெண்ணிடம், “உனக்கு என்னம்மா பண்ணுது?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த ஃபைலைக் கவிழ்த்து வைத்தாள். பாட்டி கெட்டிக்காரர். “இந்த ஃபேன்ல காத்தே வரல, இப்படித் தள்ளி உட்காரு” என்று பேச்சை மாற்றினார். பத்து நிமிடம் போயிருக்கும். “பாட்டி, வெறும் வயித்து ரத்தம் இங்கயே எடுப்பாங்களா?” என்று அவளே கேட்டாள்.

டாக்டர் எப்போது வருவார், ரத்தம் எங்கே எடுப்பார்கள் என்பதெல்லாம் பொதுச்சொத்து. உடம்பு அவரவருடையது, அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. சர்க்கரைக்காரர்கள், “சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு 240” என்று பரீட்சை மார்க் மாதிரி தாங்களே சொல்வதுண்டு. தோல் டாக்டரிடமும் மனநல மருத்துவரிடமும் காத்திருப்பவர்களிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே தெரிந்த முகத்தைப் பார்த்தால்கூட ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்வதுதான் நாகரிகம். எங்கேயானாலும், “எனக்கு இந்த மாத்திரை நல்லா கேக்குது, நீயும் வாங்கிப் போடு” என்பது மட்டும் வேண்டாம். ஒரே சர்க்கரை நோய்தான் என்றாலும், அவருடைய வயதும் சிறுநீரகமும் வேறு.

பேச்சு எவ்வளவு சுவாரஸ்யமாகப் போனாலும் நிறுத்தியே ஆகவேண்டிய நேரம் ஒன்று உண்டு. பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடமாவது சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், பார்க்கும்போதும் பேசக்கூடாது. பேசினால் மேல் அளவு பத்துப் புள்ளி வரைகூட ஏறிக் காட்டலாம். அதை நிஜம் என்று நம்பி மாத்திரையைக் கூட்டிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

அன்று பாட்டி மருமகள் கதையின் நடுவில் இருந்தபோது நர்ஸ் வந்தார். “அடுத்து உங்களுக்குத்தான் பிரஷர். அஞ்சு நிமிஷம் பேசாம உட்காருங்கம்மா.” பாட்டி வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண்தான், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்க வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.