எல்லைகள் நகரும்போது பரப்பு என்ன ஆகிறது?

வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. அதே நேரத்தில் "கடந்த 24 மணி நேரத்தில் பெய்த மழை" என்ற எண் இறங்கிக்கொண்டே வர முடியுமா? முடியும். வானிலை மையத்தின் அன்றாடக் கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்று கட்டம் கட்டிப் போடப்படுவது. அதில் இது தெரியாது. ஒரு தானியங்கி மழைமானி ஒவ்வொரு நிமிடமும், அந்த நிமிடத்துக்கு முந்தைய 24 மணி நேரத்தை மட்டும் கூட்டிக் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மணிக்கு 10 மி.மீ. வீதம் பெய்கிறது. நேற்று இதே நேரத்தில் மணிக்கு 30 மி.மீ. வீதம் பெய்தது. புதிதாகப் பெய்வது கணக்கில் ஏறுகிறது. நேற்றுப் பெய்தது கணக்கிலிருந்து கழன்றுகொள்கிறது. ஆகவே மானி காட்டும் எண், மணிக்கு 20 மி.மீ. வீதம் இறங்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்பிலும் கல்லூரி முதலாண்டிலும் மாணவர்கள் தடுமாறும் ஒரு கணக்கின் பாதி விடை இதற்குள்ளேயே இருக்கிறது. எல்லைகள் நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு வரையறுத்த தொகையை எப்படி வகையிடுவது என்பதுதான் அந்தக் கணக்கு.

நேரத்தைக் கிடை அச்சிலும், மழை பெய்யும் வீதத்தைச் செங்குத்து அச்சிலும் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். இரண்டு நேரங்களுக்கு இடையில் பெய்த மொத்த மழை என்பது, அந்த இரண்டு இடங்களிலும் செங்குத்தாகக் கோடு போட்டு, நடுவில் வளைகோட்டுக்குக் கீழே அடைபடும் பரப்பு. வரையறுத்த தொகை என்று பாடநூல் சொல்வது இந்தப் பரப்பைத்தான். இடக்கோடு கீழ் எல்லை. வலக்கோடு மேல் எல்லை.

இடக்கோட்டை அசைக்காமல், வலக்கோட்டை மட்டும் x என்ற இடத்திலிருந்து h அளவு தள்ளுவோம். புதிதாக ஒரு மெல்லிய பட்டை சேர்கிறது. அதன் அகலம் h. உயரம், வளைகோடு அந்த இடத்தில் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு, அதாவது f(x). சேர்ந்த பரப்பு ஏறத்தாழ f(x)·h. அதை h-ஆல் வகுத்து, h-ஐச் சுழியை நோக்கிச் சுருக்கினால் மிஞ்சுவது f(x) மட்டும். பரப்பு வளரும் வீதம், விளிம்பில் வளைகோட்டின் உயரத்துக்குச் சமம். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்வது இதுதான். அதுவரை சேர்ந்த பரப்பு எவ்வளவு என்ற கேள்வியே இங்கே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படும் நிபந்தனை ஒன்று உண்டு: f தொடர்ச்சியான சார்பாக இருக்க வேண்டும். விளிம்பிலேயே அது திடீரென்று துள்ளினால், பட்டையின் உயரம் எது என்று சொல்ல முடியாமல் போகும்.

மழைக் கணக்கில் இரண்டு கோடுகளும் ஒரே வேகத்தில் நகர்ந்தன. ஒரு மணி நேரம் கடந்தால் இரண்டும் ஒரு மணி நேரம் தள்ளிப் போகும். ஆகவே, வலப்பக்க உயரத்திலிருந்து இடப்பக்க உயரத்தைக் கழித்ததோடு வேலை முடிந்தது. கோடுகள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தால் என்ன செய்வது? அங்கேதான் சங்கிலி விதி உள்ளே வருகிறது.

மேல் எல்லை b(x) என்றும், கீழ் எல்லை a(x) என்றும் இருக்கட்டும். ஏதோ ஒரு நிலையான இடத்திலிருந்து u வரையுள்ள பரப்பை F(u) என்று குறித்தால், நமக்கு வேண்டிய பரப்பு F(b(x)) − F(a(x)). F-இன் வகைக்கெழு f என்று அடிப்படைத் தேற்றம் சொல்லிவிட்டது. சார்புக்குள் சார்பு இருப்பதால், சங்கிலி விதிப்படி உள்ளே இருப்பதன் வகைக்கெழுவையும் பெருக்க வேண்டும். விடை இது:

f(b(x))·b′(x) − f(a(x))·a′(x)

ஒவ்வொரு உறுப்பிலும் இருப்பது, விளிம்பின் உயரமும் அந்த விளிம்பு நகரும் வேகமும். உயரத்தை மறப்பவர்கள் குறைவு. வேகத்தை மறப்பவர்கள்தான் அதிகம். அதை மறந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் நேராகப் பார்த்துவிடலாம்.

y = 1/t என்ற அதிபரவளையத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கீழே, t = x என்ற இடத்திலிருந்து t = 2x வரை உள்ள பரப்பு G(x). x நேர் எண். x வளர வளர இந்தப் பரப்பு கூடுமா, குறையுமா? வளைகோடு தாழ்ந்துகொண்டே போவதால் குறையும் என்று தோன்றும். இடைவெளி அகன்றுகொண்டே போவதால் கூடும் என்றும் தோன்றும். விதியைப் போட்டுப் பார்ப்போம். மேல் எல்லை 2x. அங்கே உயரம் 1/(2x), வேகம் 2. கீழ் எல்லை x. அங்கே உயரம் 1/x, வேகம் 1.

G′(x) = (1/(2x))·2 − (1/x)·1 = 0

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வலக்கோடு நிற்கும் இடத்தில் உயரம் சரிபாதி, ஆனால் அது நகரும் வேகம் இரண்டு மடங்கு. இரண்டும் அச்சாக ஈடுகட்டிவிடுகின்றன. எண்ணை வைத்தே சரிபார்க்கலாம். x-ஐ 10-இலிருந்து 10.1-க்கு நகர்த்தினால், இடப்பக்கம் இழக்கும் பட்டையின் அகலம் 0.1, உயரம் ஏறத்தாழ 0.1, இழப்பு 0.01 அளவில். வலக்கோடு 20-இலிருந்து 20.2-க்குப் போகிறது. சேரும் பட்டையின் அகலம் 0.2, உயரம் ஏறத்தாழ 0.05; வரவும் 0.01 அளவில்தான். அந்த 2-ஐப் பெருக்க மறந்தவருக்கு விடை −1/(2x) என்று வரும். மாறாமல் இருக்கும் ஒரு பரப்பு சுருங்கிக்கொண்டே போவதாக அவர் எழுதிவிடுவார்.

1 முதல் 2 வரை, 10 முதல் 20 வரை, 1000 முதல் 2000 வரை எங்கே எடுத்தாலும் அந்தப் பரப்பு ஒன்றே: சுமார் 0.693. எல்லைகளின் விகிதம்தான் பரப்பைத் தீர்மானிக்கிறது. நியூட்டனும் லைப்னிட்ஸும் நுண்கணிதத்தை வடிவமைக்கும் முன்பே, பிரூஜ் நகரில் பிறந்த இயேசு சபைத் துறவி கிரெகுவார் த சேன் வேன்சான் இந்தப் பண்பைக் கண்டார். 1647-இல் வெளிவந்த அவரது பெருநூலில் அது இருக்கிறது. பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவது மடக்கையின் வேலை என்பதால், இந்தப் பரப்பு மடக்கையைப் போலவே நடந்துகொள்கிறது என்று 1649-இல் சுட்டிக்காட்டியவர், அதே சபையைச் சேர்ந்த அல்போன்ஸ் அந்தோனியோ த சரசா. நாம் மேலே கண்ட 0.693 என்பது 2-இன் இயல் மடக்கைதான். அவர்கள் பரப்புகளைக் கூறுபோட்டு வந்து சேர்ந்த இடத்துக்கு, விதி நம்மை ஒரே வரியில் கொண்டுபோய்விடுகிறது.

இந்தக் கணக்கில் தொகையைக் கண்டுபிடித்துவிட்டுப் பிறகு வகையிடவும் வழி இருந்தது. மடக்கை தெரிந்தவருக்கு அது எளிது. அந்த வழி அடைபட்ட இடத்தில்தான் விதியின் பலம் தெரியும். e^(−t²) என்ற சார்பை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளியியலில் வரும் மணி வடிவ வளைகோடு இதன் குடும்பம். எந்தச் சார்பை வகையிட்டால் இது கிடைக்கும் என்று தேடினால், அடுக்குகள், மடக்கைகள், முக்கோணவியல் சார்புகள் இவற்றைக் கொண்டு எழுதக்கூடிய எதுவும் கிடைக்காது. அப்படிப்பட்ட முடியாமைகளை நிறுவும் கோட்பாட்டை 1830-களில் பிரெஞ்சுக் கணிதர் ழோசப் லியூவில் உருவாக்கினார். ஆனால் 0 முதல் x² வரை இதன் தொகையை வகையிடு என்றால் சிக்கலே இல்லை. விளிம்பு x². அங்கே உயரம் e^(−x⁴), ஏனென்றால் t-க்குப் பதில் x² வைத்து மறுபடி வர்க்கப்படுத்துகிறோம். விளிம்பின் வேகம் 2x. கீழ் எல்லை நகரவில்லை, அதனால் அங்கிருந்து எதுவும் வராது. விடை 2x·e^(−x⁴). தொகை என்னவென்று தெரியாமலே அது மாறும் வீதத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டோம். இங்கே வழக்கமாக நேரும் தவறு e^(−x²) என்று எழுதிவிடுவது. உயரத்தை x-இல் அல்ல, கோடு உண்மையில் நிற்கும் x² என்ற இடத்தில்தான் அளக்க வேண்டும்.

விதி காலை வாரும் இடங்களும் உண்டு. 1/t-ஐ −x முதல் 2x வரை தொகையிடச் சொன்னால், விதி தயங்காமல் 0 என்று விடை தரும். ஆனால் நடுவில் t = 0 கிடக்கிறது; அங்கே சார்பு எல்லையில்லாமல் போகிறது; அந்தத் தொகையே இல்லை. இல்லாத ஒன்றுக்கு வகைக்கெழுவும் கிடையாது. எல்லைகளுக்கு நடுவே சார்பு ஒழுங்காக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பொறி இதைவிட நுட்பமானது. தொகையிடப்படும் சார்புக்குள்ளேயே x ஒளிந்திருந்தால்? 0 முதல் x வரை (x − t)-ஐ தொகையிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மேல் எல்லையில் t = x. உயரம் x − x, அதாவது 0. விதிப்படி வகைக்கெழு 0. ஆனால் படம் போட்டுப் பாருங்கள்: அடி x, உயரம் x கொண்ட செங்கோண முக்கோணம், பரப்பு x²/2. அதன் வகைக்கெழு x. விதி முழு விடையையும் தவறவிட்டுவிட்டது. காரணம், இங்கே வலக்கோடு மட்டும் நகரவில்லை. X கூடும்போது முக்கோணத்தின் சாய்ந்த மேல்விளிம்பு முழுவதும் மேலே எழுகிறது. விளிம்பில் சேரும் பட்டையை மட்டும் எண்ணும் விதிக்கு அந்த ஏற்றம் தெரியாது.

இதற்கு லைப்னிட்ஸ் பெயரால் வழங்கும் விரிந்த விதி இருக்கிறது: t-ஐ மாறிலியாக வைத்து உள்ளே இருப்பதை x-ஐப் பொறுத்து வகையிட்டு, அதன் தொகையையும் விடையோடு கூட்ட வேண்டும். இங்கே (x − t)-ஐ அப்படி வகையிட்டால் 1. அதை 0 முதல் x வரை தொகையிட்டால் x. விடுபட்டது திரும்ப வந்துவிட்டது. விரிந்த விதி நினைவில் இல்லாவிட்டாலும் கெட்டுப்போகவில்லை. x-ஐத் தொகைக்கு வெளியே எடுத்து, கணக்கை இரண்டாகப் பிரித்து, பெருக்கல் விதியோடு அடிப்படைத் தேற்றத்தைச் சேர்த்தாலும் அதே x கிடைக்கும். ஆகவே எல்லைகளைத் தொடுமுன் ∫ குறிக்கும் dt-க்கும் நடுவே ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். அங்கே t மட்டும் இருந்தால் உயரமும் வேகமும் போதும். X-உம் இருந்தால் இன்னோர் உறுப்பு பாக்கி இருக்கிறது.