வாரத்தில் ஒரே ஒரு நாள்

மருந்துச் சீட்டில் 0-0-1 என்று இருந்தால் இரவு ஒரு மாத்திரை என்பதை நம்மூரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அப்படிச் சாப்பிட்டே பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கமே உயிருக்கு உலையாகிவிடக்கூடிய ஒரு மருந்து மெத்தோட்ரெக்சேட்.

புற்றுநோய்க்குப் பெரிய அளவுகளில் தரப்படும் இதே மருந்தை, மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதத்துக்கு 1988-இல் அமெரிக்கா அங்கீகரித்தது. இன்றும் அந்த நோய்க்கு மருத்துவர்கள் முதலில் கையிலெடுப்பது இதைத்தான். பெரும்பாலும் 7.5 முதல் 15 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 25 வரை உயர்த்துவார்கள். இது ஒரு வாரத்துக்கான அளவு. வாரத்தில் ஒரே நாளில் எடுப்பது. பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குள், 'ஒன்றும் கேட்கவில்லையே' என்று தாமாகவே கூட்டிப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு.

ஒரு கற்பனை நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. ஞாயிறு இரவு 2.5 மில்லிகிராம் மெத்தோட்ரெக்சேட் நான்கு மாத்திரை, மற்ற ஆறு நாளும் ஃபோலிக் அமிலம் ஒவ்வொன்று. பல கம்பெனிகளில் இரண்டுமே சின்ன மஞ்சள் மாத்திரைகள். அவர் மாற்றி எடுத்துவிடுகிறார்: ஞாயிறன்று ஃபோலிக் நான்கு, மற்ற நாள்களில் மெத்தோட்ரெக்சேட் ஒவ்வொன்று. கணக்குப் போட்டால் வாரத்துக்கு 15 மில்லிகிராம்தான். ஒரே நாளில் எடுத்திருந்தால் அது வழக்கமான அளவு. பிறகு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலேட்டின் வேலையை இந்த மருந்து தடுக்கிறது. வேகமாகப் பெருகும் எலும்பு மஜ்ஜையும் வாய், குடலின் உட்சவ்வும் முதலில் அடிவாங்கும். வாரம் ஒருமுறை எடுத்தால், இடையில் கிடைக்கும் ஓய்வில் அவை தேறிக்கொள்ளும். தினமும் எடுத்தால் அந்த ஓய்வே இல்லை. மொத்த அளவைவிட, மருந்து விடாமல் உடலில் இருப்பதுதான் இங்கே கேடு செய்கிறது.

அந்த அம்மாவுக்கு முதலில் தெரிவது வாய்ப்புண். காரம் பட்டால் எரிகிறது, பிறகு சோறே இறங்கவில்லை. வயிற்றுச் சூடு என்று மோரும் மணத்தக்காளிக் கீரையும் கொடுப்பார்கள் வீட்டில். அடுத்து தொண்டை வலி, காய்ச்சல், தோலில் ரத்தக் கட்டு. அதற்குள் வெள்ளணுவும் தட்டணுவும் சரிந்திருக்கும். உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு, மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவேண்டும். மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலம் அங்கே உண்டு. வீட்டிலுள்ள ஃபோலிக் மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுச் சமாளிக்க முடியாது. இப்படி நேர்ந்த மரணங்களால்தான் 2019-இல் ஐரோப்பிய மருந்து முகமை, 'வாரம் ஒருமுறை' என்ற எச்சரிக்கையைப் பெட்டியின்மேல் தெளிவாகப் போடச் சொன்னது. நம் மருந்துக்கடையில் அட்டையின்மேல் 'ஞாயிறு மட்டும்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். 2.5 எழுதியிருக்க 10 மில்லிகிராம் மாத்திரையைத் தந்துவிட்டார்களா என்றும் பாருங்கள்; அதில் நான்கு என்றால் 40. ஒரு வாரம் மறந்துபோனால் இரண்டு நாளுக்குள் எடுக்கலாம். அதற்கும் மேல் தாமதமானால் அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும். இரட்டிப்பாக எடுக்கவே கூடாது.

சரியாகச் சாப்பிடுகிறவருக்கும் ரத்தப் பரிசோதனை தவறக்கூடாது. தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அளவு நிலைத்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியாட்டினின் மூன்றும் வேண்டும். மருந்து எடுத்த ஓரிரு நாளில் நொதிகள் கொஞ்சம் ஏறித் தெரியும் என்பதால், அடுத்த மாத்திரைக்கு முந்தைய ஓரிரு நாளில் ரத்தம் கொடுப்பது நல்லது. நொதி 100-ஐத் தாண்டினாலோ, வெள்ளணு 3,500-க்குக் கீழே இறங்கினாலோ அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசியாக வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி இருக்கிறதா என்று தொடங்கும்போதே பார்த்துவிடுவார்கள். கொழுப்புக் கல்லீரல் உள்ளவரோடு மதுவும் சேர்ந்தால் கல்லீரல் தழும்பேறும் வாய்ப்பு கூடும்.

கல்லீரலைப் பற்றிக் கேட்கிற அளவுக்குச் சிறுநீரகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மருந்தை வெளியேற்றுவது அதுதான். பேதியோ வாந்தியோ வந்து உடம்பில் நீர் வற்றினால் மருந்து உள்ளேயே தங்கிவிடும். அந்த வாரம் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். கடுமையான காய்ச்சல், தொற்றுக்கும் இதே விதிதான். நீர்க்கடுப்புக்குச் சாதாரணமாக எழுதப்படும் கோட்ரைமாக்சசோலும் ஃபோலேட்டையே தாக்குவது. இரண்டும் சேர்ந்தால் மஜ்ஜை முடங்கிப்போகலாம். எந்த மருத்துவரிடம் போனாலும், கிளினிக் வாசலிலேயே மெத்தோட்ரெக்சேட் பெயரைச் சொல்லிவிடுங்கள். புதிதாக வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தால் சளி என்று விடாமல் அன்றே காட்டுங்கள். அபூர்வமாக நுரையீரலையும் இது தாக்கும்.

கருவில் உள்ள குழந்தைக்கு ஊனம் உண்டாக்கக்கூடியது என்பதால், குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் குறைந்தது மூன்று மாதம் முன்பே மருத்துவர் சொற்படி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில் மூட்டுகளைக் காக்க வேறு மருந்துகள் இருக்கின்றன.