காதுக்குள் ஒரு பெயர்

மதுரையில் என் அக்கா வீட்டு முன்னறையில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறார். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது அழைப்புகள் வரும். மணி அடித்ததும் பெடலிலிருந்து காலை எடுப்பார், துணியை ஊசிக்கடியில் அப்படியே நிறுத்துவார், கட்டிங் மேசையின் கோடியில் கிடக்கும் போனை எட்டிப் பார்ப்பார். பாதி நேரம் யாரோ கடன் வேண்டுமா என்று கேட்பவர்களாக இருக்கும். திரும்பி வந்து தைத்தால் கழுத்து வளைவில் தையல் ஒரு நூல் விலகியிருக்கும். பிரித்துத் தைக்க வேண்டும்.

இதற்காகத்தான் அவருக்கு ஒரு ஜோடி இயர்பட் வாங்கிக் கொடுத்தேன். அழைப்பவர் பெயரையும் வருகிற செய்திகளையும் காதுக்குள் படித்துச் சொல்லும் வசதிகள் எத்தனை உண்டோ அத்தனையையும் இயக்கிவிட்டு வந்தேன். சாயங்காலமே போன் செய்தார். “என்னடா தம்பி, காதுக்குள்ள ஒருத்திய குடி வச்சுட்டுப் போயிட்ட. மூச்சு விடாம பேசுறா. கழட்டி டப்பாவுல போட்டுட்டேன்.”

அதன்பிறகு இரண்டு வாரம் அந்த இயர்பட்டோடும் அக்காவின் போனோடும் மல்லுக்கட்டினேன். அதில் எனக்கு ஒன்று உறுதியாயிற்று. அழைப்பவர் பெயரைச் சொல்வதும் செய்தியைப் படிப்பதும் போனில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும், காதுக்கு அவை முற்றிலும் வேறு. முதலாவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் உதவும். இரண்டாவது மிகச் சிலருக்கு மட்டும், அதுவும் இறுக்கிப் பிடித்தால்தான் உதவும்.

முதல் சிக்கல் இலக்கங்கள். அக்கா காதில் பெயர் வரவில்லை, ‘நைன், எய்ட், ஃபோர்’ என்று ஆங்கிலத்தில் எண் வந்துகொண்டிருந்தது. பத்து இலக்கமும் முடிவதற்குள் மணி ஓய்ந்துவிடும். போனில் பெயர் பதிந்துதான் இருக்கிறது, பிறகேன் எண்ணைச் சொல்ல வேண்டும்? பேசியது போன் இல்லை, இயர்பட். புளூடூத்தில் அழைப்பு வரும்போது போன் இயர்பட்டுக்குப் பொதுவாக அனுப்பி வைப்பது அழைப்பவரின் எண்ணை. பெயர் வேண்டுமென்றால் இயர்பட் போனின் தொடர்புப் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். கார்களில் உள்ள ஸ்டீரியோ அதைச் செய்கிறது. இணைக்கும்போது தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்பது அதற்காகத்தான். விலை குறைந்த இயர்பட்டுகள் பலவும் அந்த வேலைக்குப் போவதில்லை, கையில் கிடைத்த எண்ணை வாசித்துவிடுகின்றன.

ஆகவே, யார் பேசுகிறார் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. எண் மட்டும் வந்தால் பெரும்பாலும் இயர்பட் பேசுகிறது. பெயர் வந்தால் போன் பேசுகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து எதுவும் புரியாவிட்டால் இரண்டுமே பேசுகின்றன. எண்ணைச் சொல்லும் குரலை இயர்பட்டோடு வரும் ஆப்பிலோ, கையேட்டில் சொல்லியிருக்கும் பொத்தான் அழுத்தத்திலோ நிறுத்திவிட்டு, போனின் குரலை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

போனின் குரல் எங்கே இருக்கிறது? கூகுளின் போன் ஆப் உள்ள ஆண்ட்ராய்டில் அதன் செட்டிங்ஸுக்குள் Caller ID announcement என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் Always, Only when using a headset, Never என்று மூன்று தேர்வுகள் வரும். ஐபோனில் Announce Calls என்று தேடினால் கிடைக்கும். அங்கே Headphones Only என்ற தேர்வு இருக்கிறது. இரண்டிலும் ‘எப்போதும்’ என்பதைத் தொடாமல் இருப்பது நல்லது. இயர்பட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்த பிறகும் அது போனின் ஸ்பீக்கரில் பேசும். அக்காவிடம் அளவு கொடுக்க வந்திருந்த ஒருவர் முன்னால், ‘சீட்டு பாக்கி’ என்று பெயர் பதிந்து வைத்திருந்த அம்மாளின் அழைப்பை அது அறை முழுக்கக் கேட்கும்படி அறிவித்தது. வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா அன்று முழுக்க முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தவறு என்னுடையது.

அடுத்தது பெயர்கள். இங்கேதான் தமிழ் வீடுகளுக்கு என்று ஒரு தொல்லை இருக்கிறது. நம்மில் பலர் தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்திருக்கிறோம். எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருளுக்கு ஒரு நேரத்தில் ஒரு மொழிதான் முதன்மை. ஆங்கிலக் குரல் Ezhil என்பதைப் பார்த்தால் ழகரம் அதற்குத் தெரியாது, ‘எஷில்’ என்பதுபோல் ஏதோ சொல்லும். Yazhini, Kuzhali எல்லாம் அடையாளம் தெரியாமல் போகும். சரி, தமிழில் பதியலாம் என்றால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பெரும்பாலும் படிக்காமல் விழுங்கிவிடும். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மௌனம்தான் இருக்கும்.

நாங்கள் செய்தது இது. ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் Text-to-speech output என்று தேடி, அதில் மொழியைத் தமிழாக்கினோம். கூகுளின் பேச்சு மென்பொருளில் தமிழ்க் குரல் இருக்கிறது. அங்கேயே ஒரு மாதிரி வாக்கியத்தை ஒலிக்க வைத்துப் பார்க்கலாம். பிறகு தினமும் கூப்பிடும் பதினைந்து பேரின் பெயரை மட்டும் தமிழ் எழுத்தில் மாற்றினோம். ஐந்நூறு பேரையும் மாற்ற வேண்டியதில்லை. தெரிந்த பெயர் வந்தால் எடுக்க வேண்டும், எண்ணோ புரியாத ஒலியோ வந்தால் தைத்துக்கொண்டே இருக்கலாம் என்பதே போதுமான விதி. சில போன்களில் இந்த மொழி மாற்றம் அழைப்பு அறிவிப்பைத் தொடாது, போனின் பொது மொழியைத்தான் அது பார்க்கும். வேறொரு போனிலிருந்து கூப்பிட்டுக் கேட்டுப் பார்ப்பதுதான் ஒரே சோதனை.

பெயரை எப்படிப் பதிகிறோம் என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சும்மா இருக்கும் புளூடூத் இணைப்பு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். ஒலி வந்ததும் விழித்துக்கொள்ள ஒரு நொடிக்கும் குறைவான நேரம் பிடிக்கும். அதற்குள் முதல் அசை போய்விடுவதுண்டு. ‘செல்வி ப்ளவுஸ்’, ‘கல்வி ஸ்கூல்’ என்று இருந்தால் இரண்டும் ‘ல்வி’யில் தொடங்கும். அக்கா இப்போது ‘காஜா அண்ணன்’, ‘லைனிங் கடை’, ‘ஸ்கூல் டீச்சர்’ என்று இரண்டு சொல்லாக வைத்திருக்கிறார். முதல் அசை போனாலும் இரண்டாவது சொல் காப்பாற்றிவிடும். அதற்கு மேல் நீளமாக வைத்தால் பெயர் முடியுமுன் மணி ஓய்ந்துவிடும்.

இனி செய்திகள். அக்காவை விரட்டியது உண்மையில் இவைதான்.

கண் ஒரு செய்தியை மேய்ந்துவிடும். முதல் இரண்டு சொல்லிலேயே வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்து அடுத்ததற்குப் போகும். காதால் அப்படித் தாவ முடியாது. குரல் போகும் வேகத்தில் கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். முப்பது சொற்கள் கொண்ட ஒரு வாட்ஸ்அப் செய்தியை நேரம் பார்த்தேன். கண்ணுக்கு நான்கு விநாடி, காதுக்குப் பதினெட்டு விநாடி. அக்கா இருக்கும் சொந்தக்காரர்கள் குழுவில் காலை வணக்கம் பதினைந்து வந்தால், குழுவின் பெயர், அனுப்பியவர் பெயர், வணக்கம், கூப்பிய கைகள், கூப்பிய கைகள், ரோஜாப்பூ என்று பதினைந்து தடவை ஓடும். இணைப்பு முகவரி ஏதாவது வந்தால் எழுத்தெழுத்தாகப் படிக்கும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழோ சொல்லவே வேண்டாம். Naalaikku function என்று வாடிக்கையாளர் அனுப்பியதில் function மட்டுமே புரிந்தது, நாளைக்கு என்பதுதான் முக்கியம்.

கேட்டுக்கொண்டிருப்பது பாட்டா பேச்சா என்பதும் இதில் சேரும். அறிவிப்பு வரும்போது போன் பாட்டின் ஒலியைத் தாழ்த்திவிட்டு மேலே பேசும். பாட்டுக்கு அது சரி. பட்டிமன்றமோ கதையோ ஓடும்போது ஒலியைத் தாழ்த்தினால் மட்டும் போதாது, இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தின்றுவிடும். நன்றாகச் செய்த ஆப்புகள் பேச்சை அந்த இடத்திலேயே நிறுத்தி, அறிவிப்பு முடிந்ததும் தொடரும். எல்லா ஆப்புகளும் அப்படிச் செய்வதில்லை.

ஐபோனும் ஏர்பாட்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இதில் கொஞ்சம் நல்ல கட்டுப்பாடு கிடைக்கிறது. ஆப்பிள் 2019-இல் ஐஓஎஸ் 13-இல் செய்திகளை மட்டும் படிக்கத் தொடங்கி, 2021-இல் ஐஓஎஸ் 15-இல் மற்ற ஆப்புகளின் அறிவிப்புகளுக்கும் விரித்தது. Announce Notifications என்ற பக்கத்தில் ஆப் வாரியாகத் தேர்வு செய்யலாம். ஆப்பிளின் செய்தி ஆப்புக்கு மட்டும், யாருடைய செய்தி என்பதையும் Favorites என்று சுருக்கிக்கொள்ளலாம். போன் பூட்டியிருக்கும்போது மட்டுமே அது பேசும். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குப் படித்துக் காட்ட வேண்டியதில்லை என்ற அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. சாம்சங் இயர்பட்டுகளில் Galaxy Wearable ஆப்பில் Read notifications aloud என்று இருக்கிறது. அங்கே ஆப்பைத் தேர்வு செய்யலாம்.

இந்த வசதி இல்லாத போன்களுக்கென்று கடைகளில் இலவச ஆப்புகள் நிறைய உண்டு. அவை Notification access என்ற அனுமதியைக் கேட்கும். அதைக் கொடுத்தால் வாட்ஸ்அப் மட்டுமல்ல, வங்கி அனுப்பும் ஓடிபி உட்பட வருகிற எல்லா அறிவிப்பையும் அந்த ஆப் படிக்க முடியும். ஆண்ட்ராய்டு 15-இலிருந்து நம்பகம் இல்லாத ஆப்புகளுக்கு ஓடிபியை மறைக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. அக்காவின் போன் அதற்கு முந்தையது. அதில் பணமும் ஓடுகிறது. யார் செய்தது என்று தெரியாத ஆப்புக்கு அந்தச் சாவியைக் கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

வண்டி ஓட்டும்போது இது உதவுமே என்று பலர் கேட்கிறார்கள். பெயரைக் கேட்டுவிட்டு எடுக்காமல் போவது, போனை எடுத்துப் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் குரலாலேயே பதில் அனுப்பத் தொடங்கினால் கதை மாறுகிறது. அமெரிக்காவின் ஏஏஏ போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவில், காரில் குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆகலாம் என்று கண்டிருந்தார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். கை ஹேண்டில்பாரிலும் கண் சாலையிலும்தான் இருக்கும், மனம் மட்டும் இன்னும் அந்தச் செய்தியில் இருக்கும். இரு சக்கர வண்டியில் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போவதை நான் எந்த வசதிக்காகவும் ஏற்க மாட்டேன். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் அந்தக் காதில்தான் விழ வேண்டும்.

கடைசியில் அக்காவின் போனில் நின்றது ஒரே ஒரு ஏற்பாடு. ஹெட்செட் இருக்கும்போது மட்டும் அழைப்பவர் பெயர், இடது காதில் மட்டும் இயர்பட். செய்திகள் படிப்பதை முழுவதும் நிறுத்திவிட்டோம். வாடிக்கையாளர்களிடம் அவரே சொல்லிவிட்டார்: “அவசரம்னா கூப்பிடுங்கம்மா. வாட்ஸ்அப்ப நான் மத்தியானம் சாப்பிடறப்ப பாக்குறேன்.” போன வாரம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது பார்த்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னார், “காஜா அண்ணன் கூப்பிடுறாரு, அந்தப் பச்சை பைய எடுத்து வை.” பெடலில் இருந்த கால் நிற்கவில்லை.