கை மட்டும் பொய் சொல்லட்டும்

மேஜிக் செய்பவருக்குக் கேமராவைப் போலக் கறாரான பார்வையாளர் வேறு கிடையாது. கல்யாண மண்டபத்தில் வித்தை காட்டினால் ஒவ்வொரு அசைவும் ஒரே ஒரு முறைதான் நடக்கும். செல்போனில் பார்ப்பவரோ நிறுத்துவார், பின்னால் இழுப்பார், கால் வேகத்தில் ஓட்டிப் பார்ப்பார். நாணயம் கைமாறும் அரை நொடியில், நொடிக்கு 30 படம் எடுக்கும் செல்போன் 15 படங்களைப் பதிந்துவிடும். அந்தப் பதினைந்தில் ஒன்றில் நாணயத்தின் விளிம்பு மின்னினால் போதும், வித்தை முடிந்தது.

இதற்குப் பயந்துதான் பலர் வீடியோவை நடுவில் வெட்டி ஒட்டுகிறார்கள். நாணயம் அழகாக மறையும். ஆனால் அதை மறைத்தது எடிட்டிங் மென்பொருள். பார்ப்பவர் நம்பியது வேறு. வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஷாட்டில், வாயால் ஒரு பொய்கூடச் சொல்லாமல், ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மறைக்க முடியும். அதற்கான வேலையில் பாதி கேமராவை ஆன் செய்வதற்கு முன்பே, பேசப்போகும் வசனத்தை எழுதும்போது நடக்கிறது.

கைக்கு வேண்டியது மிகப் பழைய அசைவு. மேஜிக்காரர்கள் அதை பிரெஞ்ச் டிராப் என்பார்கள். பேராசிரியர் ஹாஃப்மன் என்ற பெயரில் ஓர் ஆங்கிலேயர் 1876-இல் வெளியிட்ட ‘மாடர்ன் மேஜிக்’ நூலிலேயே அதற்கு விளக்கம் இருக்கிறது. வலது உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, நாணயத்தின் ஒரு விளிம்பைக் கட்டைவிரலும் எதிர் விளிம்பை மற்ற விரல்நுனிகளும் படுக்கைவாட்டில் பிடித்திருக்கும். இடது கை வந்து, கட்டைவிரலை நாணயத்துக்குக் கீழும் மற்ற விரல்களை மேலும் கொண்டுபோய் எடுப்பதுபோல மூடும். மூடும் அந்தக் கணத்தில் வலது கட்டைவிரல் லேசாகத் தளர, நாணயம் வலது விரல்களின் அடிப்பகுதியில் விழும். இடது கை வெறும் முஷ்டியாக விலகும். அசைவைக் கற்க ஒரு மாலைப் பொழுது போதும். அது இயல்பாக வருவதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

அந்த அரை நொடியில் பார்ப்பவரின் கவனம் எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. கஸ்டவ் குன், மைக்கேல் லேண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் பிரிட்டனில் வெளியிட்ட ஒரு சோதனை இதற்கு நல்ல பதில் தருகிறது. ஒருவர் பந்தை இரண்டு முறை நிஜமாகவே மேலே எறிந்து பிடிப்பார். மூன்றாம் முறை எறிவதுபோலக் கையை மட்டும் உயர்த்துவார். பந்து உள்ளங்கையிலேயே இருக்கும். அவருடைய பார்வையும் இல்லாத பந்தைத் தொடர்ந்து மேலே போனபோது, பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே போவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தபோது அது 32 சதவீதமாகக் குறைந்தது. இவ்வளவும் வீடியோவில் காட்டப்பட்டது. ஆக, வித்தைக்காரரின் பார்வை போகும் திசை திரையைத் தாண்டியும் வேலை செய்கிறது. முதல் இரண்டு நிஜ எறிதல்கள் இல்லாமல் மூன்றாவதுக்கு அந்தப் பலம் இருந்திருக்காது என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்த இரண்டு பாடங்களையும் வைத்து ஒரு நிமிட வசனம் ஒன்றை எழுதிப் பார்க்கலாம். மேஜிக்காரர் மேசைக்குப் பின்னால் நிற்கிறார். ஃபிரேமில் இடுப்புக்கு மேலே எல்லாம் தெரிகிறது. சட்டையின் இடது மார்புப் பையில் ஒரு பேனா. நாணயத்தைக் காட்டி அவர் சொல்கிறார்:

“இது சாதாரண பத்து ரூபா. நான் இப்ப உங்கள ஏமாத்தப் போறேன். வீடியோவுல எங்கயும் வெட்டு கிடையாது. ஏமாத்துறது முழுக்க என் கைதான்.”

நான்கு வாக்கியங்கள், நான்கும் உண்மை. அடுத்து நாணயத்தை வலது கையிலிருந்து இடது கைக்கு நிஜமாகவே மாற்றுகிறார். இடது கையைத் திறந்து காட்டி, “ஒரு பக்கம் பத்துன்னு போட்டிருக்கு. இன்னொரு பக்கம் சிங்கம்” என்று திருப்புகிறார். நாணயம் வலது கைக்குத் திரும்புகிறது. பார்ப்பவரின் மனதில் ‘இவர் நாணயத்தை இப்படித்தான் மாற்றுவார்’ என்ற பழக்கம் சத்தமில்லாமல் பதிந்துவிட்டது. இரண்டாம் முறை இடது கை நெருங்கும்போது அவர் முகத்தை லென்ஸுக்கு நேராக உயர்த்திக் கேட்கிறார்:

“இப்ப பாக்காம சொல்லுங்க, கடைசியா மேல தெரிஞ்சது பத்தா, சிங்கமா?”

நாணயம் வலது கையிலேயே தங்குவது இந்தக் கேள்வியின் நடுவில்தான். கேள்வி கேட்கிறவரின் முகத்தைப் பார்ப்பது மனித இயல்பு. அதோடு, கண் திரையில் இருந்தாலும் மனம் சற்று முன் பார்த்ததை நினைவில் தேடிக்கொண்டிருக்கும். அந்தத் தேடல் முடிவதற்குள் இடது முஷ்டி விலகிவிட்டது. மேஜிக்காரரின் பார்வையும் அதன் மேல் இறங்கிவிட்டது. கேள்வி போலிக் கேள்வியும் அல்ல, அதற்குச் சரியான விடை உண்டு. “சிங்கம்னு சொன்னவங்க சரி” என்று அவர் விடையைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கேள்வி எதற்கு என்ற சந்தேகம் கிளம்பும்.

இப்போது நாணயம் வலது கையில் ஒளிந்திருக்கிறது. அங்கிருந்து போயாக வேண்டும். இடது முஷ்டியைப் பார்த்தபடியே அவர், “என்கிட்ட மந்திரக்கோல் இல்ல… பேனாதான் இருக்கு” என்கிறார். வலது கை மார்புப் பைக்குள் போகிறது, நாணயத்தை விட்டுவிட்டுப் பேனாவோடு வெளியே வருகிறது. பார்ப்பவர் லேசாகச் சிரிக்கும் நேரம் அது. சிரிக்கும்போது கவனம் தளர்வது மேடை அனுபவம் உள்ள எல்லா மேஜிக்காரர்களுக்கும் தெரிந்த விஷயம். பேனாவால் முஷ்டியைத் தட்டி, ஒவ்வொரு விரலாகத் திறக்கிறார். இடது கை காலி. பேனாவைக் கீழே வைத்தால் வலது கையும் காலி. “எங்க போச்சுன்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.” இதுவும் உண்மையே.

இந்த வசனத்தில் இல்லாத ஒரு வாக்கியத்தையும் கவனிக்க வேண்டும். ‘இதோ, காசு இப்போது இடது கையில் இருக்கிறது’ என்று அவர் எங்குமே சொல்லவில்லை. புதியவர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் வாக்கியம் அது. அது பொய் என்பதோடு, வித்தைக்கும் கெடுதல். யாரும் சந்தேகப்படாத இடத்தில் உறுதி கொடுத்தால் பார்ப்பவர், ‘ஏன் இதைச் சொல்கிறார்?’ என்று யோசித்து வலது கையைப் பார்ப்பார். நேர்மையான வசனம் இங்கே வலுவான வசனமாகவும் ஆகிவிடுகிறது.

கை செய்வது ஏமாற்றுதான், அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குப் பார்ப்பவர் முதலிலேயே சம்மதித்திருக்கிறார். அந்தச் சம்மதத்துக்கு வெளியே போகும் இரண்டு பொய்கள் வீடியோக்களில் அதிகம். ஒன்று, சக்தி இருப்பதாகக் காட்டிக்கொள்வது. கலிபோர்னியாவில் மாணவர்கள் முன் ஒருவர் சில எளிய வித்தைகளைச் செய்துகாட்டிய ஆய்வு 1980-இல் வெளியானது. இவர் மேஜிக் செய்பவர்தான் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட வகுப்புகளில்கூடப் பாதிக்கும் மேற்பட்டோர் அவருக்கு அமானுஷ்ய சக்தி இருப்பதாக எழுதினார்கள். கோவை போத்தனூரில் வாழ்ந்து 2009-இல் மறைந்த பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் ஊர் ஊராகப் போய், வெறும் கையில் விபூதி வரவழைப்பது போன்ற ‘அற்புதங்களை’ச் செய்து காட்டி, அதே மேடையில் அவை நடக்கும் விதத்தையும் விளக்கினார். அதே கைத்திறனை யாரோ தெய்வீகம் என்று விற்றுக்கொண்டிருந்ததால்தான் அவருக்கு அந்த வேலை தேவைப்பட்டது.

இரண்டாவது பொய், பார்ப்பதற்கு அறிவியல் மாதிரி இருப்பதால் இன்னும் வழுக்கலானது. ‘உங்கள் முகத் தசை அசைவை வைத்து மனதைப் படித்தேன்’ என்பார்கள். நடந்தது சாதாரணக் கைத்தந்திரமாக இருக்கும். 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய விளக்கத்தோடு வித்தையைப் பார்த்தவர்கள் அந்தப் போலி உளவியலை நம்ப முனைந்தார்கள். செய்தவரை மேஜிக்காரர் என்று அறிமுகப்படுத்தினாலும் உளவியலாளர் என்று அறிமுகப்படுத்தினாலும் அதில் வித்தியாசம் இருக்கவில்லை. ஆகவே வீடியோவின் தொடக்கத்தில் ‘ஏமாத்தப் போறேன்’ என்று சொல்வது அவசியம், ஆனால் அது மட்டும் காப்பாற்றாது. நடுவில் சொல்லும் விளக்கமும் பொய்யாக இருக்கக்கூடாது. விளக்கமே சொல்லாமல் விடுவது நல்லது.

எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப எடுக்கலாம். நாற்பதாவது டேக்கை வெளியிடுவதில் குற்றமில்லை. இரண்டு டேக்குகளை ஒட்டிவிட்டு ‘வெட்டு கிடையாது’ என்பதுதான் குற்றம். காசு கொடுத்து அழைத்து வந்தவரை வழிப்போக்கர் என்று காட்டி வியக்க வைப்பதும் அதே வகைதான்.

படம் எடுக்கும்போது லென்ஸ் கைகளின் உயரத்திலேயே இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் வலது விரல்களுக்குள் விழுந்த நாணயம் தெரிந்துவிடும். பேசும்போது பார்வை லென்ஸில் இருக்க வேண்டும். திரையில் தெரியும் சொந்த முகத்தைப் பார்த்தால், கேள்வி பார்ப்பவரைக் கேட்டதாகவே இருக்காது. மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும், உலோகம் உரசும் சத்தம் மைக்கில் தெளிவாகப் பதியும். மார்புப் பையில் சில்லறையோ சாவியோ இருந்தாலும் அதே ஆபத்துதான். வெள்ளை மெல்லிய சட்டை வேண்டாம். 27 மில்லிமீட்டர் அகலமுள்ள நாணயம் துணிக்குள் நிழலாகத் தெரியும்.

எடுத்த வீடியோவை முதலில் ஒலி இல்லாமல் பார்க்க வேண்டும். கை மாற்றும் இரண்டு முறைகளில் எது நிஜம் என்று செய்தவருக்கே சட்டென்று தெரிந்தால், இரண்டாவதில் வேகமோ விறைப்போ கூடியிருக்கிறது. பெரும்பாலும் தவறு வலது கையில் இருக்கும். நாணயம் நிஜமாகவே போனபின் தளர்ந்து இறங்கிய கை, போகாதபோது அசையாமல் கெட்டியாக நிற்கும். பிறகு ஒலியோடு ஒரு நண்பருக்குக் காட்டி, ‘எப்படிச் செய்தேன்?’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘காசு எப்போது மறைந்தது?’ என்று கேட்டால் பயன் அதிகம். பேனா தட்டியபோது என்றால் வசனம் வேலை செய்கிறது. பேனாவை எடுத்தபோது என்று சொன்னால், கை பைக்குள் போனதுதான் அவர் கண்ணை உறுத்தியிருக்கிறது. அப்போது வீடியோவின் தொடக்கத்திலேயே அந்தப் பேனாவை ஒரு முறை வெளியே எடுக்க வைக்க வேண்டும்: நாணயத்தில் சிங்கம் இருக்கும் பக்கத்தைப் பேனா முனையால் சுட்டிக்காட்டிவிட்டு, மறுபடி பைக்குள் செருகிவிடலாம். கை அந்தப் பைக்குப் போவதைப் பார்ப்பவர் அதற்குள் ஒரு முறை கண்டிருப்பார். இரண்டாம் முறை அது அவருக்குப் புதிதாகப் படாது.