பணத்தைப் போட்டு வைக்கக் கட்டணம்

2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் தேசிய வங்கி ஒரே அறிவிப்பில் இரண்டு வேலைகளைச் செய்தது. ஒரு யூரோவின் விலை 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்காமல் மூன்று ஆண்டுக்கு மேலாகத் தாங்கிப் பிடித்து வந்ததைக் கைவிட்டது. கூடவே, வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் பணத்துக்கான வட்டியை மைனஸ் 0.75 சதவீதமாக்கியது. நூறு ஃபிராங்க் போட்டு வைத்தால் ஓராண்டில் முக்கால் ஃபிராங்க் கழியும்.

ஐரோப்பிய மத்திய வங்கி அதற்கு முந்தைய ஜூன் மாதமே பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. டென்மார்க் 2012-லேயே அதைச் செய்து பார்த்திருந்தது. சுவிட்சர்லாந்தின் கவலை வேறு. உலகத்தில் எங்கே கலவரம் என்றாலும் பணக்காரர்கள் ஃபிராங்கை வாங்கிக் குவிப்பார்கள். ஃபிராங்கின் விலை ஏறும், கைக்கடிகாரமும் மருந்தும் ஏற்றுமதி செய்பவர்கள் அடிபடுவார்கள். ஃபிராங்கில் பணத்தை வைத்திருப்பதே நஷ்டம் என்று ஆக்கினால் அந்தக் கூட்டம் குறையும் என்பது கணக்கு.

இது வேலை செய்யும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. வட்டி மைனஸ் ஆனதும் ஒரு வங்கி, மத்திய வங்கியில் கிடக்கும் உபரிப் பணத்தை எப்படியாவது கைகழுவப் பார்க்கும். கடன் கொடுக்கும், பத்திரம் வாங்கும், டாலர் வாங்கும். ஆனால் பத்திரத்தை விற்றவரின் பணம் இன்னொரு வங்கிக்குத்தான் போகிறது. அந்த வங்கியின் பெயரில் மறுபடி மத்திய வங்கியிலேயே வந்து உட்காருகிறது. ஒவ்வொரு வங்கியும் தள்ளிவிடலாம், எல்லா வங்கிகளும் சேர்ந்து தள்ளிவிட முடியாது. இந்தத் தள்ளுமுள்ளில் பத்திர விலை ஏறி வட்டி இறங்குகிறது, நாணயத்தின் மதிப்பும் தளர்கிறது. மத்திய வங்கி விரும்புவது அதைத்தான்.

அந்த வளையத்திலிருந்து வங்கிகள் தாங்களாகவே வெளியேற ஒரே கதவு ரொக்கம். கணக்கில் உள்ள பணத்தை நோட்டாக எடுத்துப் பெட்டகத்தில் அடுக்கிவிட்டால் அதற்கு வட்டி பூஜ்யம்தான். நோட்டிலிருந்து ஆண்டுக்கு முக்கால் சதவீதத்தைக் கழிக்க மத்திய வங்கியிடம் வழி இல்லை. சுவிட்சர்லாந்திலோ ஆயிரம் ஃபிராங்க் நோட்டு என்று ஒன்று இருக்கிறது. 2015-இல் புழக்கத்தில் இருந்த நோட்டுகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் அந்த ஒரு நோட்டில்தான் இருந்தது. பத்து லட்சம் ஃபிராங்கை அந்த நோட்டுகளாக அடுக்கினால் சுமார் ஒரு சாண் உயரம் கூட வராது. பணத்தைப் பதுக்க இதைவிட வசதியான நாடு கிடைப்பது அரிது.

இதைத் தேசிய வங்கி முன்கூட்டியே யோசித்திருந்தது. எல்லாப் பணத்துக்கும் அது கட்டணம் வாங்கவில்லை. ஒரு வங்கி சட்டப்படி வைக்க வேண்டிய குறைந்தபட்ச இருப்பைப்போல் இருபது மடங்கு வரை விலக்கு. அதற்கு மேல் உள்ளதற்கு மட்டும் 0.75 சதவீதம். விலக்கு மிச்சம் இருக்கும் வங்கிக்கு, வரம்பைத் தாண்டிய வங்கி பணத்தைக் கைமாற்றிவிடும் என்பதால், பெரும்பகுதிப் பணத்துக்குக் கட்டணமே இல்லாவிட்டாலும் வங்கிகளுக்கு இடையிலான வட்டி மைனஸ் 0.75-ஐ ஒட்டியே நின்றது. உண்மையான கெட்டிக்காரத்தனம் விதியின் கடைசி வரியில் இருந்தது. எதிர்மறை வட்டி வருவதற்கு முன் இருந்ததைவிட ஒரு வங்கியின் ரொக்கக் கையிருப்பு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு அதன் விலக்கு வரம்பு குறையும்.

ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்ச இருப்பு 10 கோடி ஃபிராங்க், ஆகவே விலக்கு 200 கோடி. தேசிய வங்கியில் அது வைத்திருப்பது 250 கோடி. மிகுதி 50 கோடிக்கு ஆண்டுக் கட்டணம் 37.5 லட்சம் ஃபிராங்க். 'எதற்கு வம்பு' என்று அந்த 50 கோடியையும் நோட்டாக எடுத்துவிடுகிறது. இப்போது கணக்கில் 200 கோடி. ஆனால் விலக்கு வரம்பு 150 கோடியாகச் சுருங்கிவிட்டது. மிகுதி மறுபடியும் 50 கோடி, கட்டணம் அதே 37.5 லட்சம். பெட்டகச் செலவும் காவலாளி சம்பளமும் கூடுதல். வங்கிகளுக்கு அந்தக் கதவில் பூட்டு விழுந்தது.

வாடிக்கையாளர்களுக்கு அந்தப் பூட்டு இல்லை. வங்கிகள் பெரிய வாடிக்கையாளர்களிடம் கட்டணத்தைக் கேட்கத் தொடங்கியதும் ஓய்வூதிய நிதி ஒன்று பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தது. ஒரு கோடி ஃபிராங்குக்குக் கட்டணம் 75,000. அதையே நோட்டாக எடுத்து, வண்டியில் ஏற்றி, பெட்டகத்தில் வைத்தாலும் செலவு போக 25,000 ஃபிராங்க் மிஞ்சும் என்று 2015-இல் சுவிஸ் ஊடகத்தில் செய்தி வந்தது. நிதி கேட்ட தொகையை வங்கி கொடுக்கவில்லை. பெரிய அளவில் ரொக்கம் கேட்பவர்களிடம் கையை இறுக்கிக்கொள்ளுங்கள் என்று வங்கிகளுக்குத் தானே சொல்லியிருப்பதைத் தேசிய வங்கியும் மறைக்கவில்லை. என் பணத்தை நான் கேட்டால் தரமாட்டாயா என்ற கேள்விக்கு இதில் நேர்மையான பதில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் கணக்கிலேயே எல்லையும் தெரிகிறது. ரொக்கத்தைக் காப்பதற்கு நிதியின் மதிப்பீட்டில் அரை சதவீதம் செலவு. அப்படியானால் மைனஸ் அரை வரை யாரும் அசைய மாட்டார்கள், அதற்குக் கீழே போனால் எல்லோரும் ஓடிவிடுவார்கள் என்று நினைக்கத் தோன்றும். நடப்பு அப்படி இல்லை. ஓய்வூதியத்தை மாதாமாதம் ஆயிரக்கணக்கானோருக்கு நோட்டாக எண்ணிக் கொடுக்க முடியாது. கணக்கில் பணம் இருப்பதற்கே ஒரு பயன் உண்டு. பெட்டகம் கட்டுவதும் காப்பீடு எடுப்பதும் முதலிலேயே செய்துவிட வேண்டிய செலவு. மைனஸ் வட்டி ஆறு மாதத்தில் போய்விடும் என்றால் யாரும் அதில் இறங்கமாட்டார்கள். பத்தாண்டு நீடிக்கும் என்று தெரிந்தால் இறங்குவார்கள். வட்டி எவ்வளவு ஆழம் என்பதோடு எத்தனை காலம் என்பதும் சேர்ந்துதான் அந்த எல்லையை முடிவு செய்கிறது. மைனஸ் 0.75-ஐத் தாண்டித் தேசிய வங்கி ஒருபோதும் இறங்கவில்லை.

சின்னச் சேமிப்பாளர் விஷயத்தில் எல்லை இன்னும் மேலே, பூஜ்யத்திலேயே நின்றுவிட்டது. சில ஆயிரம் ஃபிராங்கை வைக்கப் பெட்டகம் தேவையில்லை, பீரோ போதும். அதனால் பெரும்பாலான வங்கிகள் சாதாரண மக்களின் சேமிப்புக் கணக்கில் கைவைக்கத் துணியவில்லை. ஒரு பக்கம் மத்திய வங்கிக்குக் கட்டணம், மறுபக்கம் சேமிப்பாளரிடம் ஒன்றும் வாங்க முடியாது. இடையில் நசுங்கியது வங்கியின் லாபம். அதை ஈடுகட்ட, 2015-இல் சுவிஸ் வங்கிகள் சில வீட்டுக் கடன் வட்டியை உயர்த்தின. வட்டியைக் குறைத்தால் கடன் மலிவாகும் என்ற பாடம் அங்கே தலைகீழானது.

உண்மையில் எவ்வளவு பணம் நோட்டாகப் பதுங்கியிருந்தது? அது தெரிய 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வட்டி பிளஸ் 0.5 சதவீதமானது. அடுத்த சில மாதங்களில் ஆயிரம் ஃபிராங்க் நோட்டுகள் பெருமளவில் வங்கிகளுக்குத் திரும்பின; சின்ன நோட்டுகளில் அந்த அளவு மாற்றம் இல்லை. கடையில் காய்கறி வாங்கப் பயன்பட்ட நோட்டாக இருந்தால் வட்டி மாறியதற்காக அது திரும்பி வராது.

2025 ஜூனில் சுவிஸ் தேசிய வங்கி கொள்கை வட்டியை மறுபடியும் பூஜ்யமாக்கியது. வரம்புக்கு மேல் பணம் வைக்கும் வங்கிக்கு அதிலிருந்தும் கால் சதவீதம் கழிவு.