பெயர்ப்பலகையும் செயலித் திரையும்: குடியிருப்புப் பெயர்களை ஒப்பிட்டறிதல் – பிள்ளையார்குப்பத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குடியிருப்பின் வாயிலில் தமிழில் எழுதப்பட்ட பெயரும் விநியோகச் செயலியில் உரோமன் எழுத்தில் தோன்றும் பெயரும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றனவா என அறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எழுத்தளவில் மிகுதியாக வேறுபடும் பெயர்கள் ஓரிடத்தையும், சிறிதே வேறுபடும் பெயர்கள் ஈரிடங்களையும் குறிக்கக்கூடும் என்பது இதன் கருதுகோள்.

முன்னுரை

பிள்ளையார்குப்பம், புதுச்சேரி – கடலூர் நெடுஞ்சாலையை ஒட்டிப் பாகூர்ப் பகுதியில் அமைந்த ஊர். விளைநிலங்கள் மனைப்பிரிவுகளாக மாறும் இத்தகைய ஊர்களில் ‘நகர்’ என முடியும் புதுப்பெயர்கள் பெருகுகின்றன. பொருள் கொண்டுவருபவருக்குப் பலகையே முதற்சான்று. ஊர்ப்பெயரும் திரையில் Pillaiyarkuppam, Pillayarkuppam எனப் பலவாறு வரும்.

பெயரின் உறுப்புகள்

குடியிருப்புப் பெயரை நான்கு உறுப்புகளாகப் பகுக்கலாம். ‘எழில் நகர் இரண்டாம் விரிவு, பிள்ளையார்குப்பம்’ என ஒரு பலகை இருப்பதாகக் கொள்வோம். ‘எழில்’ சிறப்புப்பெயர், ‘நகர்’ பொதுக்கூறு, ‘இரண்டாம் விரிவு’ வேறுபடுத்தும் கூறு, இறுதியில் நிற்பது ஊர்ப்பெயர். பலகையில் ‘குடியிருப்போர் நலச்சங்கம்’ என்ற தொடரோ, பலகையை அமைத்துத் தந்தவர் பெயரோ பெரிய எழுத்தில் இருக்கலாம். அவை முகவரியின் உறுப்புகள் அல்ல. ஒப்பீட்டுக்குமுன் அவற்றை நீக்குதல் வேண்டும்.

இவ்வுறுப்புகள் திரைக்குச் செல்லும் வழியும் ஒன்றன்று. சிறப்புப்பெயர் எழுத்துப்பெயர்ப்பாகவும், வேறுபடுத்தும் கூறு மொழிபெயர்ப்பாகவும் செல்கின்றன. எனவே ‘எழில்’ என்பது Ezhil, Elil என்றும், ‘விரிவு’ என்பது Extension, Extn என்றும் தோன்றும்.

ஒலியும் எழுத்தும்

தமிழில் ‘க’ என்னும் ஒரே எழுத்து இடத்திற்கேற்ப வெவ்வேறாக ஒலிக்கும்; உரோமன் எழுத்தில் அது k, g, h எனப் பிரியும். பாகூர் Bahour என எழுதப்படுவது இதற்குச் சான்று. அதில் இடைநிலைக் ககரம் h ஆகியுள்ளது. ஊகாரத்தை ou எனக் குறித்தது பிரெஞ்சு வழக்கு. வில்லியனூரும் பிரெஞ்சு ஆவணங்களில் Villenour என வரும். ஆங்கில முறையில் Bagur எனத் தேடுபவருக்கு Bahour புலப்படாமற் போவதன் காரணம் இதுவே.

எதிர்த்திசையில் இழப்பு வேறு. வள்ளி நகர், வல்லி நகர் ஆகிய இரண்டும் திரையில் Valli Nagar என்றே நிற்கும். அங்கு எழுத்தைக்கொண்டு முடிவுசெய்ய இயலாது.

ஒப்பீடு: ஓர் எடுத்துக்காட்டு

இரு சொற்றொடர்களுள் ஒன்றை மற்றொன்றாக்க எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என எண்ணுவது கணினியியலில் வழங்கும் ஓர் அளவை. மேற்கண்ட பலகையின் பெயர் திரையில் Ezhil Nagar 2nd Extn எனப் பதிவாகியிருப்பதாகக் கொண்டு, அதனுடன் இரு பெயர்களை ஒப்பிடலாம்.

முதலாவது, Elil Nagar 2nd Extension. Ezhil என்பது Elil ஆக இரண்டு மாற்றங்களும், Extn என்பது Extension ஆக ஐந்து மாற்றங்களும் தேவை. ஆக வேறுபாடு 7. இரண்டாவது, Ezhil Nagar 1st Extn. இதில் 2nd என்பது 1st ஆக மூன்று எழுத்துகளே மாறுகின்றன, வேறுபாடு 3.

எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் இரண்டாவதே நெருங்கிய பெயர். ஆனால் அது வேறொரு மனைப்பிரிவு. முதலாவதே உரிய இடம். ஆகவே முழுப்பெயரை ஒருசேர ஒப்பிடாமல் உறுப்புதோறும் ஒப்பிடுதல் வேண்டும். சிறப்புப்பெயரைத் தமிழொலிக்கு மீட்டுப் படித்து, ழ–ல, க–ஹ போன்ற வேறுபாடுகளைப் பொறுக்கலாம். பொதுக்கூறின் சுருக்கத்தை விரித்துக்கொள்ளலாம். வேறுபடுத்தும் கூறில் மட்டும் சிறு முரணும் பொறுக்கத்தக்கதன்று. திரையில் அக்கூறு இல்லாதவிடத்து அதனை ‘முதல்’ எனக் கருதாமல் கேட்டறிதலே முறை.

ஊர்ப்பெயரும் வரைபடக் குறியும்

பிள்ளையார்குப்பம் என்னும் பெயர் ஓரூருக்கே உரியதன்று. ஆதலின் அஞ்சல் குறியீட்டெண் துணைசெய்கிறது. பாகூர்ப் பக்கத்துப் பிள்ளையார்குப்பத்தின் எண், கடலூரைப் போலவே 607 எனத் தொடங்கும்; புதுச்சேரி நகரத்தின் எண் 605 எனத் தொடங்குவது. ‘புதுச்சேரி’ என்னும் சொல்லைக் கண்டு 605 என நிரப்பப்பட்ட முகவரி உள்முரண் உடையது. அம்முரணே பிழையைக் காட்டும் அடையாளம்.

வரைபடக் குறியும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. வீட்டிற்கு வரவேண்டிய பொருளைப் பணியிடத்திலிருந்து கேட்பவரின் குறி, திருத்தப்படாவிடின், பணியிடத்திலேயே நிற்கக்கூடும். குறியும் பலகையும் மாறுபடின் வீட்டெண்ணும் தெருப்பெயருமே தீர்வுதரும்.

முடிவுரை

பெயர் ஒப்பீட்டில் வேறுபாட்டின் அளவைவிட அது நிகழும் உறுப்பே முதன்மையானது. சிறப்புப்பெயரின் வேறுபாடு பெரும்பாலும் எழுத்துமுறையால் விளைவது. வேறுபடுத்தும் கூறின் வேறுபாடு இடத்தையே மாற்றுவது. பலகையில் எண்ணையும் விரிவையும் சிறப்புப்பெயருக்கு இணையான அளவில் எழுதுவதும், செயலியில் வழங்கும் உரோமன் வடிவத்தைத் தமிழ்ப்பெயரின்கீழ்ப் பொறிப்பதும் இக்குழப்பத்தைப் பெரிதும் குறைக்கும். வள்ளி–வல்லி போன்ற பெயர்களுக்கோ தமிழ் வடிவம் திரையிலும் இடம்பெறுவதே தீர்வாகும்.