மாணவரிடம் என்ன கேட்க வேண்டும்?

இணையத்தில் கண்ட செய்தி உண்மையா பொய்யா என்று மாணவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை ஆராய முனையும் பள்ளித் திட்டங்கள் பெரும்பாலும் ஒரு படிவத்தில்தான் தொடங்குகின்றன. "பகிரும் முன் செய்தியைச் சரிபார்ப்பீர்களா?" என்று அதில் கேட்டால், "ஆம்" என்ற கட்டம்தான் நிரம்பும். ஆசிரியர் எந்த விடையை விரும்புவார் என்பது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாதா? அந்தப் படிவம் மாணவரின் பழக்கத்தை அளப்பதில்லை. நல்ல பழக்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருப்பதை மட்டுமே அளக்கிறது. எனவே ஆய்வு வினா வேறு மாதிரி அமைய வேண்டும்: ஒரு பதிவைக் கையில் கொடுத்தால் மாணவர் என்ன செய்கிறார், எந்தக் காரணத்தைச் சொல்கிறார்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க் தலைமையிலான குழு இந்த வழியில்தான் போனது. அக்குழு 2016-ல் வெளியிட்ட ஆய்வுக்காக 12 மாநிலங்களின் மாணவர்களிடமிருந்து 7,804 விடைகள் திரட்டப்பட்டன. அதில் ஒரு பணி பலராலும் பேசப்பட்டது. உருக்குலைந்த டெய்ஸிப் பூக்களின் படம் ஒன்று. ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தால் வந்த பிறவிக் குறை என்று அதற்கு ஒரு குறிப்பு. அணு உலைக்கு அருகே உள்ள நிலைமைக்கு இந்தப் பதிவு வலுவான ஆதாரமா, ஏன் என்று உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கேட்கப்பட்டது. படத்தை எடுத்தவர் யார், எடுத்த இடம் எது என்பதற்குப் பதிவில் எந்தத் தடயமும் இல்லை. ஏறக்குறைய 40 விழுக்காட்டினர் வலுவான ஆதாரம் என்றே எழுதினார்கள். படமே இருக்கிறதே என்பது பலரின் வாதம். படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்கள் 20 விழுக்காட்டுக்கும் குறைவு.

இன்னொரு வகை விடையும் இருந்தது, ஆய்வு செய்பவருக்கு அதுவே அதிகம் கற்பிக்கிறது. இது போதிய ஆதாரம் இல்லை என்று சில மாணவர்கள் சரியாகவே சொன்னார்கள். ஆனால் பூக்களை மட்டும் காட்டுகிறது, மற்ற செடிகளையும் விலங்குகளையும் காட்டவில்லை என்பதே அவர்கள் தந்த காரணம். படம் ஃபுகுஷிமாவில் எடுத்ததுதானா என்ற ஐயம் அவர்களுக்கு எழவே இல்லை. ஆம், இல்லை என்று மட்டும் குறிக்கச் சொல்லியிருந்தால் இவர்கள் தேர்ந்தவர்கள் பட்டியலில் சேர்ந்திருப்பார்கள். காரணத்தை எழுத வைத்து, அதற்கும் மதிப்பெண் வகுத்தால்தான் இந்த வேறுபாடு வெளியே வரும்.

காகிதத்தில் கொடுத்த பணியில் தேடிப் பார்க்க வழியில்லை என்ற மறுப்பு நியாயமானதே. 2018-19-ல் அதே குழு 3,446 மாணவர்களுக்கு இணைய இணைப்பையும் கொடுத்தது. வாக்குப் பெட்டிகளில் கள்ள ஓட்டுகளைத் திணிக்கும் ஒரு காணொளி, அமெரிக்கத் தேர்தலில் நடந்ததாகச் சொல்லப்பட்டது. உண்மையில் அது ரஷ்யாவில் எடுத்தது. பாதிக்கும் மேற்பட்டோர் அதை வலுவான ஆதாரம் என்றார்கள். மூலத்தைக் கண்டுபிடித்தவர்கள் மூன்றே பேர். இணைய வசதி இருப்பதும் அதைப் பயன்படுத்தத் தோன்றுவதும் வேறு வேறு என்பதை இந்த எண்ணிக்கை காட்டிவிட்டது. ஆகவே திரையைப் பதிவுசெய்து, மாணவர் அந்தப் பக்கத்தை விட்டு எப்போது வெளியேறுகிறார், எதைத் தேடுகிறார் என்று கவனிப்பதே நல்ல முறை. தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் அறியாத தளத்தில் நேரம் செலவிடுவதில்லை. உடனே புதிய தாவலைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். மாணவர்களோ அதே பக்கத்தில் நின்று சின்னத்தையும் வடிவமைப்பையும் முகவரியின் இறுதி எழுத்துகளையும் எடைபோடுகிறார்கள்.

சோதனைக்கு எடுக்கும் பதிவுகளில் பல திட்டங்கள் தவறுவதும் உண்டு. கொடுப்பவை எல்லாம் பொய்ச் செய்திகளாக இருந்தால், எதையும் நம்பாத மாணவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் நாளை உண்மையான புயல் எச்சரிக்கையையும் தள்ளிவிடக்கூடும். பாதி உண்மை, பாதி பொய் என்று கலந்து கொடுத்து, மெய்யானதை ஏற்பதையும் பொய்யானதை மறுப்பதையும் தனித்தனியே கணக்கிட வேண்டும். பாடத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பதிவுகளைக் காட்டுவதும் கூடாது. அது நினைவாற்றலுக்கான தேர்வாகிவிடும்.

தமிழ்நாட்டு வகுப்பறைக்கு ஸ்டான்ஃபோர்டின் பணிகளை அப்படியே கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும். இங்கே பல செய்திகள் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் வருகின்றன. ஆராய்வதற்குத் தளமே இருக்காது, அனுப்பியவர் பெரியப்பாவாக இருப்பார். மாணவர் எடைபோடுவது செய்தியையா, அனுப்பியவரையா? இதை அறிய ஒரே செய்தியை ஒரு பாதி மாணவர்களுக்கு உறவினர் அனுப்பியதாகவும் மறு பாதியினருக்கு அறியாத எண்ணிலிருந்து வந்ததாகவும் காட்டி, விடைகளை ஒப்பிட்டால் போதும். யாருக்கு எது போகிறது என்பதை மட்டும் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்க வேண்டும்.